மாடிப்படி டூ-வே சுவிட்சில் ஸ்மார்ட் ரிலே: எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

மாடிப்படி விளக்குக்கு ஸ்மார்ட் ரிலே போட்ட பிறகு வரும் புகார்களில் பெரும்பாலானவை ரிலேயின் குற்றமல்ல. போர்டைக் கழற்றி மாட்டும்போது கம்பிகள் இடம் மாறியிருக்கும், அல்லது ஒரு செட்டிங் தவறாக இருக்கும். அதனால் ரிலேயை மாற்றுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

## முதலில், சரியான இணைப்பு எப்படி இருக்கும்

கீழ் போர்டில் ஃபேஸ் வந்து கீழ் சுவிட்சின் காமன் முனையில் சேரும். அதே சுவிட்சின் மற்ற இரு முனைகளிலிருந்து இரண்டு கம்பிகள் பைப் வழியே மேல் சுவிட்சுக்குப் போகும். இவற்றை இங்கே இரட்டைக் கம்பிகள் என்று சொல்கிறோம். ரிலே இல்லாத காலத்தில் மேல் சுவிட்சின் காமனிலிருந்து கம்பி நேராக விளக்குக்குப் போனது. ரிலே போடும்போது மாறுவது அந்த ஒரு கம்பிதான்: மேல் காமன் ரிலேயின் `SW` முனைக்குப் போகும், விளக்குக்குப் போன கம்பி ரிலேயின் `O` முனைக்கு வரும். ரிலேயின் `L`-க்கு எப்போதும் இருக்கும் ஃபேஸும், `N`-க்கு நியூட்ரலும் வேண்டும். ஷெல்லி 1 போன்றவற்றில் `I` என்று தனி முனை இருக்கும். 230 வோல்ட் விளக்குக்கு அதையும் `L`-உடன் சேர்த்துவிட வேண்டும். சேர்க்க மறந்தால் ரிலே டிக்கென்று சத்தம் போடும், விளக்கு எரியாது.

இது `SW` முனையில் 230 வோல்ட் ஃபேஸை எதிர்பார்க்கும் ரிலேக்கு. சோனாஃப் மினி R2 போன்றவற்றில் `S1`, `S2` என்ற இரண்டு முனைகள் இருக்கும். அவற்றில் ஃபேஸ் தொடவே கூடாது. இரண்டையும் சுவிட்ச் வழியே ஒன்றோடொன்று சேர்த்துப் பிரிப்பது மட்டுமே வேலை. அப்படியானால் கீழ் சுவிட்சின் காமனிலிருந்து ஃபேஸை எடுத்துவிட்டு, அந்தக் காமனை ரிலேவரை கொண்டுவர மூன்றாவது கம்பி ஒன்றை இழுக்க வேண்டும். பைப்பில் இரண்டு கம்பிகள் மட்டுமே ஓடும் பழைய வீட்டில் இந்த வகை ரிலேயை வாங்காமல் இருப்பதே நல்லது. கீழே வருபவை அனைத்தும் `SW` வகையை வைத்தே சொல்லப்பட்டவை; `S1`, `S2` வகைக்கு வேறுபடும் இடத்தில் தனியாகக் குறித்திருக்கிறோம்.

போர்டைத் திறக்கும் முன் எம்.சி.பி.யோடு இன்வெர்ட்டரையும் அணையுங்கள். மெயினை இறக்கினாலும் இன்வெர்ட்டர் லைனில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், மாடிப்படி விளக்கு பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும். கையில் மல்டிமீட்டர் ஒன்றும், ஹோல்டரில் மாட்டி இரண்டு கம்பி விட்ட 15 வாட் குண்டு பல்பு ஒன்றும் வேண்டும். டெஸ்டரை மட்டும் நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். இரட்டைக் கம்பிகளில் ஒன்றில் எப்போதும் ஃபேஸ் இருப்பதால் பக்கத்துக் கம்பியிலும் சிறிது மின்னழுத்தம் தூண்டப்படும். டெஸ்டர் அதற்கும் மங்கலாக எரியும், மல்டிமீட்டரும் பத்து, ஐம்பது வோல்ட் என்று எதையாவது காட்டும். குண்டு பல்பு அந்தப் பொய் மின்னழுத்தத்தில் எரியாது.

## ஒரு சுவிட்ச் குறிப்பிட்ட பக்கம் இருந்தால்தான் மற்ற சுவிட்ச் வேலை செய்கிறது

அதிகம் வரும் கோளாறு இது. செல்போனில் விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும். மேல் சுவிட்சை ஒரு பக்கம் வைத்தால் கீழ் சுவிட்ச் வேலை செய்யும். மறுபக்கம் வைத்தால் கீழே எத்தனை முறை தட்டினாலும் அசையாது.

முதலில் நான்கு நிலைகளையும் சோதியுங்கள். மின்சாரத்தை நிறுத்தி, `SW` கம்பியை ரிலேயிலிருந்து கழற்றி, அதற்கும் நியூட்ரலுக்கும் நடுவே குண்டு பல்பை இணைத்துவிட்டு மின்சாரம் கொடுங்கள். இரண்டு சுவிட்சுகளையும் மாற்றி மாற்றி வைத்தால் நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். இணைப்பு சரியாக இருந்தால் அவற்றில் இரண்டில் பல்பு எரியும். ஒன்றில் மட்டும் எரிந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: மேல் சுவிட்சில் காமன் கம்பி இடம் மாறியிருக்கிறது, கீழ் சுவிட்சில் மாறியிருக்கிறது, அல்லது இரட்டைக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது.

மூன்றில் எது என்று இப்படிப் பிரிக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, மேல் சுவிட்சில் இரட்டைக் கம்பிகள் என்று நீங்கள் நினைக்கும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். இப்போது ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பை வைத்து, கீழ் சுவிட்சின் இரு நிலைகளிலும் பாருங்கள். ஒவ்வொரு முறை கம்பி மாற்றும்போதும் மின்சாரத்தை நிறுத்துவது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் நிறுத்துங்கள்.

கீழ் சுவிட்சின் இரு நிலைகளிலும் ஏதோ ஒரு கம்பியில் பல்பு எரிகிறது, நிலை மாற்றினால் எரியும் கம்பியும் மாறுகிறது. கீழ் சுவிட்சும் கம்பிகளும் சரி. தவறு மேல் சுவிட்சில்தான்.

ஒரு நிலையில் இரண்டு கம்பியிலுமே எரியவில்லை. கீழ் சுவிட்சில் காமன் மாறியிருக்கலாம், அல்லது ஒரு கம்பி அறுந்திருக்கலாம். கழற்றிய இரண்டில் ஒன்று உண்மையில் ரிலேக்குப் போகும் கம்பியாக இருந்தாலும் இதே முடிவுதான் வரும்; பைப்பிலிருந்து வருபவை எவை என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ் சுவிட்சைக் கழற்றிக் காமனைக் கண்டுபிடியுங்கள். ஃபேஸ் கம்பி அதில்தான் இருக்கிறது என்றால், மிச்சமிருப்பது கம்பிக் கோளாறு.

காமனைக் கண்டுபிடிக்க, சுவிட்சின் எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். பொத்தானை ஒரு பக்கம் வைத்து எந்த இரண்டு முனைகளில் பீப் வருகிறது என்று பாருங்கள், மறுபக்கம் வைத்து மறுபடி பாருங்கள். இரண்டு ஜோடியிலும் வரும் முனையே காமன். நடு முனைதான் காமன் என்று எண்ணி மாட்டுவதால்தான் இந்தக் கோளாறே வருகிறது. பல மாடுலர் சுவிட்சுகளில் அது உண்மை, எல்லாவற்றிலும் அல்ல. பழைய சுவிட்சுக்குப் பதில் வேறு கம்பெனி சுவிட்சைப் போட்டு, கம்பிகளை முன்பிருந்த அதே இடங்களில் மாட்டியிருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

இன்னொன்று: கடையில் அவசரத்தில் வாங்கியது ஒன்-வே சுவிட்சாக இருந்துவிடலாம். பின்னால் இரண்டு முனைகள் மட்டும் இருந்தால் அதை வைத்து மாடிப்படி வேலை நடக்காது.

கம்பிதான் சந்தேகம் என்றால், கீழே இரட்டைக் கம்பிகள் இரண்டையும் சுவிட்சிலிருந்து கழற்றி ஒன்றாக முறுக்கிவிட்டு, மேலே அவற்றின் இரு நுனிகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். 1 சதுர மி.மீ. செம்புக் கம்பி, போகவர 20 மீட்டர் என்றால் அரை ஓமுக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். பல ஓம் காட்டினாலோ, கம்பியை அசைக்கும்போது எண் ஆடினாலோ எங்கோ முறுக்கு தளர்ந்திருக்கிறது; ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். எதுவும் காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. பைப்பில் புதுக் கம்பி இழுப்பது எலக்ட்ரீஷியன் வேலை. அவர் வரும்போது இரண்டுக்குப் பதில் மூன்று கம்பிகள் இழுக்கச் சொல்லுங்கள். மூன்றாவதற்குப் பின்னால் கட்டாயம் வேலை வரும்.

## சில நேரம் இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கிறது

இரண்டு சுவிட்சும் வேலை செய்யும். ஆனால் செல்போனில் விளக்கை அணைத்த பிறகு, சுவிட்சை முதல் தட்டு தட்டினால் ஒன்றும் நடக்காது, இரண்டாவது தட்டில் எரியும். இதற்குப் போர்டைத் திறக்க வேண்டியதில்லை.

ரிலே சுவிட்சின் நிலையைப் பின்பற்றும் முறையில் வைக்கப்பட்டிருக்கிறது. `SW`-வில் ஃபேஸ் இருந்தால் எரி, இல்லாவிட்டால் அணை என்பது அதன் கணக்கு. செல்போன் நடுவில் புகுந்து விளக்கை அணைத்ததும் சுவிட்சின் நிலையும் விளக்கின் நிலையும் எதிரெதிராகிவிடுகின்றன. மாடிப்படிக்கு வேண்டியது வேறு முறை: `SW`-வில் எந்த மாற்றம் வந்தாலும் விளக்கு இப்போது இருப்பதற்கு எதிராகப் போக வேண்டும். இதன் பெயர் பழைய ஷெல்லி மெனுவில் `Edge`, புதிய தலைமுறையின் அமைப்பில் `flip`. டாஸ்மோட்டா ஏற்றிய ரிலேயில் கன்சோலில் இப்படிக் கொடுக்கலாம்:

```
SwitchMode1 0
SwitchDebounce 100
```

இரண்டாவது வரி, சுவிட்ச் தொடும் நொடியில் வரும் படபடப்பை ரிலே கணக்கில் எடுக்காமல் இருக்க. இயல்பாக 50 மில்லி நொடி. பழைய, தளர்ந்த சுவிட்சுக்கு 100 பொருந்தும்.

தட்டியும் மறுதட்டியும் சேர்ந்தால்தான் ஒரு மாற்றம் வருகிறது, அதுவும் தவறாமல் இப்படித்தான் என்றால், காலிங் பெல் மாதிரியான அழுத்தும் பொத்தானுக்கான முறை தேர்வாகியிருக்கிறது. அதையும் மேலே சொன்ன முறைக்கு மாற்றினால் போதும்.

## சுவிட்சைத் தட்டினால் ரிலேயே ஆஃப்லைன் ஆகிறது

`L`-க்கு எப்போதும் இருக்கும் ஃபேஸுக்குப் பதில் மேல் சுவிட்சின் காமனைக் கொடுத்திருக்கிறார்கள். மேல் போர்டில் இரட்டைக் கம்பிகளும் விளக்குக் கம்பியும் மட்டும் இருக்கும் வீடுகளில் இது நடக்கிறது, ஏனென்றால் அங்கே வேறு ஃபேஸே இல்லை. கீழிருந்து மூன்றாவது கம்பியாக ஃபேஸைக் கொண்டுவருவது முறையான தீர்வு. மேல் போர்டில் பிளக் பாயிண்ட் இருந்து அதிலிருந்து எடுக்க நினைத்தால், கீழ் மாடிப்படி லைனின் எம்.சி.பி.யை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கைப் பாருங்கள். அதிலும் மின்சாரம் நின்றால் இரண்டும் ஒரே லைன், எடுக்கலாம். நிற்காவிட்டால் எடுக்கக் கூடாது.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறு ஃபேஸிலும் இருப்பது சாதாரணம். `SW`-வுக்கு ஒரு ஃபேஸும் `L`-க்கு இன்னொரு ஃபேஸும் வந்தால் இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட் இருக்கும். ரிலே அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மின்சாரத்தை நிறுத்தி ரிலேயைக் கழற்றிவிட்டு, அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் என்று அளப்பதை எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.

## யாரும் தொடாமலே விளக்கு எரிகிறது, அணைகிறது

முதலில் செயலியில் யாராவது டைமர் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும், வீட்டில் இரண்டு பேருக்கு அனுமதி கொடுத்திருந்தால் இதுதான் விடையாக இருப்பதுண்டு. கரண்ட் போய் வரும்போது மட்டும் விளக்கு தானாக எரிகிறது என்றால், மின்சாரம் திரும்பியதும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற செட்டிங்கை மாற்றினால் சரியாகும். டாஸ்மோட்டாவில் `PowerOnState 0` என்றால் அணைந்தே இருக்கும், `PowerOnState 3` என்றால் முன்பிருந்த நிலைக்கு வரும்.

அடுத்து, சுவிட்சில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா? அதன் வழியே எப்போதும் சிறிய மின்னோட்டம் கசியும். ரிலே அதைச் சுவிட்ச் தட்டியதாக எடுத்துக்கொள்ளலாம். இண்டிகேட்டர் இல்லாத டூ-வே சுவிட்சாக மாற்றுங்கள்.

இரண்டும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் அந்தத் தூண்டல் மின்னழுத்தம். இரட்டைக் கம்பிகள் ஒரே பைப்பில் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் 230 வோல்ட் இருக்கும்போது மற்றது எதிலும் சேராமல் தொங்குகிறது, அந்தத் தொங்கும் கம்பியைத்தான் மேல் சுவிட்ச் `SW`-வோடு இணைக்கிறது. பக்கத்தில் மோட்டாரோ ஃபிரிட்ஜோ ஓடத் தொடங்கும்போது ரிலே ஏமாறுகிறது. மோட்டார் போடும் நேரத்தோடு இது ஒத்துப்போகிறதா என்று இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும்.

செலவில்லாத வழி, மேலே சொன்ன டிபவுன்ஸ் நேரத்தை 100-லிருந்து 200-க்கு உயர்த்துவது. அதற்கும் அடங்காவிட்டால் `SW`-க்கும் `N`-க்கும் நடுவே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக உள்ள ஆர்.சி. ஸ்னப்பர் ஒன்றைப் போடுங்கள். 0.1 மைக்ரோஃபாரட் 50 ஹெர்ட்ஸில் சுமார் 32 கிலோ ஓமாக நடந்துகொள்ளும். பத்து மீட்டர் பைப்பில் கம்பிகளுக்கு இடையேயான இணைப்பு அதைவிடப் பல மடங்கு பலவீனமானது, ஆகவே தொங்கும் கம்பியில் மிஞ்சுவது சில வோல்ட்தான். கெப்பாசிட்டர் X2 வகையாக, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். ரேடியோ ரிப்பேர் டப்பாவில் கிடக்கும் சாதாரணக் கெப்பாசிட்டரை இங்கே போட்டால் அது ஒருநாள் உடைந்து தீப்பிடிக்கும்.

`S1`, `S2` வகையில் இந்த ஸ்னப்பரைப் போடக் கூடாது. அங்கே சுவிட்ச் கம்பிகளை 230 வோல்ட் கம்பிகள் இல்லாத பைப்பில் கொண்டுபோவதுதான் வழி. அந்த முனைகளில் மூன்று, நான்கு வோல்ட்தானே என்று தொட்டுவிடவும் வேண்டாம். பல ரிலேகளில் உள்ளே இருக்கும் மின்வழங்கி மெயினிலிருந்து பிரிக்கப்படாதது. அந்த முனை தரையைப் பார்த்து 230 வோல்ட்டில் இருக்கலாம்.

## ஆர்.சி.சி.பி. விழுகிறது

விளக்கு எரியும் கணத்தில் விழுகிறதா, அல்லது ரிலேக்கு மின்சாரம் கொடுத்ததுமேயா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டுக்கும் முதல் சந்தேகம் ஒன்றே: ஃபேஸ் ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகவும் நியூட்ரல் வேறொன்றின் வழியாகவும் வருகிறது. போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமில்லை என்று அது சரியாகவே கணக்கிட்டு விழுகிறது. பிளக் பாயிண்டிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கிய ரிலேயில் இது வரும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் நியூட்ரலும் எங்கோ கலந்திருந்தாலும் வரும். ரிலேயைக் கழற்றி, பழையபடி மேல் காமனை நேராக விளக்குக்கு இணைத்து விழுவது நிற்கிறதா என்று பார்ப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. நியூட்ரலைப் பிரித்தெடுப்பது டி.பி.யைத் திறக்கும் வேலை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து "சரிபண்ணும்" ஆளைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

## டிக் சத்தம் வருகிறது, விளக்கு அணையவில்லை

ரிலேயின் உள்ளே தொடும் பகுதி ஒட்டிக்கொண்டது. எல்.இ.டி. விளக்குகள் எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் அவற்றின் வாட்டுக்குச் சம்பந்தமில்லாத அளவு பெரியது. ஒரே ரிலேயில் பல விளக்குகளைச் சேர்த்தால் இது சீக்கிரம் நடக்கும். மின்சாரத்தை நிறுத்தி, `O`, `I` கம்பிகளைக் கழற்றி இரண்டு முனைகளுக்கும் நடுவே பீப் வருகிறதா பாருங்கள். வந்தால் ரிலேயை மாற்றுவதுதான் வழி. தட்டினால் சில சமயம் விடுபடும், அடுத்த வாரம் மறுபடி ஒட்டும்.

## வைஃபை போனாலும் சரி, ரிலே செத்தால் மாடிப்படி இருட்டு

வைஃபை இல்லாவிட்டாலும் சுவிட்சுகள் வேலை செய்யும். இரும்புப் பெட்டிக்குள் வைத்ததால் சிக்னல் குறைந்தாலும் அப்படியே. கரண்ட் போகும்போது மட்டும் சுவிட்சுகள் செத்துப்போகின்றன என்றால், விளக்கு முன்பு இன்வெர்ட்டர் லைனில் இருந்து, ரிலேயின் `L` மெயின் லைனில் மாட்டப்பட்டிருக்கிறது. கீழ் சுவிட்சின் காமனுக்கு வரும் ஃபேஸும் ரிலேயின் `L`, `N` இரண்டும் ஒரே இன்வெர்ட்டர் லைனாக இருக்க வேண்டும்.

ஆனால் ரிலேயே பழுதானால் இரண்டு சுவிட்சும் வெறும் பொம்மைகள். வயதானவர்கள் இறங்கி ஏறும் படிக்கட்டில் இதை ஏற்க முடியாது. மேல் போர்டில் ஒரு மாடுலர் இடம் காலியாக இருந்தால் இன்னொரு டூ-வே சுவிட்சைப் போட்டு இதைத் தீர்க்கலாம். அதன் காமனை விளக்குக் கம்பியோடு இணையுங்கள். ஒரு பக்க முனையில் ரிலேயின் `O`. மறு பக்க முனையில் மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு கிளை. அதே காமன் `SW`-க்கும் போய்க்கொண்டிருக்கும். ஒரு பக்கம் வைத்தால் விளக்கு ரிலே வழியாக. மறுபக்கம் வைத்தால் ரிலே இருப்பதே தெரியாமல் பழைய மாடிப்படி இணைப்பு. இது `SW` வகை ரிலேக்கு மட்டுமே பொருந்தும். `S1`, `S2` வகையில் மேல் காமனில் ஃபேஸ் இல்லை, அதனால் விளக்கு எரியாது. தவறாக எங்காவது ஃபேஸைச் சேர்த்தால் ரிலே போய்விடும்.

மாட்டி முடித்ததும் ரிலேயின் `L` கம்பியை மட்டும் கழற்றி நுனியை மூடி, பைபாஸ் பக்கத்தில் வைத்து கீழ், மேல் சுவிட்சுகளின் நான்கு சேர்க்கைகளையும் போட்டுப் பாருங்கள். இரண்டில் விளக்கு எரிய வேண்டும். `I`-ஐத் தனியாக ஃபேஸோடு சேர்த்திருந்தால் அதையும் இந்தச் சோதனையின்போது கழற்றி மூடிவிடுங்கள்.